முகவரி தவறினால்...

சென்ற ஆண்டு என் ஆய்வுக் கட்டுரைக்காக ஜெர்மனியிலிருந்து ஒரு நுண்ணோக்கி வில்லையை வரவழைத்தேன். பணம் கட்டினேன், பொருளும் புறப்பட்டது. சென்னைச் சுங்கத்துறை வரை வந்த பொட்டலம், அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டது. யாரைக் குறை சொல்வது என்று யோசித்தபோது, அனுப்பியவர் மீதும் கூரியர்காரர் மீதும் பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் எழுதிய முகவரியை மீண்டும் படித்துப் பார்த்தேன். நமக்கு நன்றாகப் புரிகிற முகவரிதான் அது. ஆனால் நம்மை அறியாதவருக்கு அது புதிர்!

முதல் தவறு தொலைபேசி எண்ணில். நாம் 98765 43210 என்ற எண்ணை 098765 43210 என்று எழுதிப் பழகியவர்கள். 2021 ஜனவரி 15 முதல் வீட்டுத் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் சுழியம் வேண்டும் என்றானதும், இப்பழக்கம் இன்னும் ஊன்றிவிட்டது. ஆனால் அந்தச் சுழியம் நாட்டுக்குள் மட்டுமே செல்லும். நான் நிரப்பிய படிவத்தில் +91 ஏற்கெனவே இருந்தது. கட்டத்தில் பத்து இலக்கங்களுக்கே இடம். சுழியத்தோடு பதினொன்றை எழுதியதால் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டு 0987654321 என்று நின்றது. தனியார் பெயருக்குக் கூரியரில் வரும் பொருளுக்கு அடையாளச் சான்று கேட்பது நம் சுங்க நடைமுறை. அதைக் கேட்டு வந்த செய்தி என்னை எட்டவே இல்லை. இந்த ஓர் இலக்கத்தால்தான் வில்லை போயிற்று.

வீட்டுத் தொலைபேசிக்கும் இதே விதிதான். கும்பகோணத்தின் குறியீடு 0435. வெளிநாட்டவருக்கு +91 435 என்று தொடங்கி, பின் உள்ளூர் எண்ணை எழுத வேண்டும். +91-க்குப் பின் பத்து இலக்கங்கள் உள்ளனவா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாலே தவறு பிடிபட்டுவிடும்.

இரண்டாவது, வீட்டு எண். பழைய எண் 12, புதிய எண் 27 என்பதை 12/27 என்று எழுதுகிறோம். நம் தபால்காரர் புரிந்துகொள்வார். சில படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. அதை நீக்கிவிட்டு 1227 என்று அச்சிட்டுவிடுகின்றன. அப்படி ஒரு வீடு நம் தெருவில் ஏது? எனவே சொற்களாலேயே எழுதிவிடுவது நலம்.

மூன்றாவது, ஊரும் மாநிலமும். 'கும்பகோணம்-1' என்பது நமக்கு 612001. வெளிநாட்டுக் கணிப்பொறிக்கு அது வெறும் ஒன்று. 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணின் ஆறு இலக்கங்களும் வேண்டும். முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட தென்பகுதியைக் காட்டுகிறது. கடைசி மூன்று நம் அஞ்சல் நிலையத்தைக் காட்டுகின்றன. மாநிலத்தை TN என்று சுருக்குவதிலும் ஆபத்துண்டு. அமெரிக்காவில் TN என்றால் டென்னசி, IN என்றால் இந்தியானா! ஆகவே இரண்டையும் விரித்தே எழுத வேண்டும்.

என் முகவரியை இப்போது இவ்வாறு எழுதுகிறேன்:

```
New No 27, Old No 12, North Street
Near Pillaiyar Temple
KUMBAKONAM 612001
TAMIL NADU
INDIA
Phone +91 98765 43210
```

இதற்கு மேல் வரியில் பெயர். நம் முன்னெழுத்தைப் படிவம் குடும்பப் பெயராகக் கேட்கும்போது, அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத வேண்டும். பெயர் ஒன்றும் சான்று ஒன்றுமாக இருந்தால் சுங்கத்தில் மீண்டும் தடை.

'பிள்ளையார் கோயில் அருகில் என்பதெல்லாம் எதற்கு? வெளிநாட்டவர் முறைக்கே மாறிவிடலாமே' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் உடன்படவில்லை. முகவரியை இருவர் படிக்கிறார்கள். கடைசி வரிகளைக் கடல் கடந்தவர் படித்துப் பொட்டலத்தை இந்தியாவுக்கும், நம் ஊருக்கும் அனுப்புகிறார். மேல் வரிகளை நம் தெருவில் மிதிவண்டியை நிறுத்திவிட்டு நம்மவர் படிக்கிறார். அவருக்குக் கோயில்தான் வழிகாட்டி. ஆனால் பல கூரியர் சீட்டுகளில் ஒரு வரிக்கு 35 எழுத்துகளே இடம்பெறும், மிஞ்சியவை வெட்டுப்படும். ஆகவே அடையாளத்தைத் தனி வரியில், சுருக்கமாக எழுதினால் போதும்.

பணம் கட்டியதும் வரும் உறுதிக் கடிதத்தில் நம் முகவரி எப்படி அச்சாகியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். பொருள் புறப்படுமுன் திருத்திக் கேட்கலாம், புறப்பட்டபின் கடினம். அதை நான் படிக்கவில்லை. இரண்டாம் முறை படித்தேன். வில்லை வந்து சேர்ந்தது. ஆனால், கட்டுரையை ஒப்படைக்கும் நாள் அதற்குள் கடந்துவிட்டிருந்தது.