ட்ரிப்பா, மலையேற்றமா?

கிருமாம்பாக்கத்தில் வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போகும் ஒரு சுற்றுலா நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். அதில் வேளாங்கண்ணிக்கு ஏ.சி. பஸ்ஸில் போவது ‘யாத்திரை’. பிச்சாவரத்தில் படகில் போவது ‘வாயேஜ்’. பர்வதமலை மட்டும் ‘ட்ரிப்’!

‘வாயேஜ்’ என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். நான் படித்த பிரெஞ்சில் அது எந்தப் பயணத்துக்கும் பொது. கடலூருக்கு ரயிலில் போனாலும் அதே சொல்தான். ஆங்கிலத்தில்தான் நெடுந்தூரக் கடற்பயணம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகு சவாரிக்கு அது பெரிய பெயர், ஆனால் யாருக்கும் கேடில்லை. ‘யாத்திரை’யும் அப்படியே. ஆகஸ்ட் கடைசியில் நம் சாலை வழியே காவி உடுத்தி நடக்கிறவர்கள் செய்வதும் யாத்திரைதான், வேண்டுதலோடு பஸ்ஸில் போவதும் யாத்திரைதான்.

பர்வதமலை அப்படியல்ல. முதலில் படிகள், பிறகு கரடுமுரடான காட்டுப்பாதை, உச்சிக்கு அருகே செங்குத்துப் பாறையில் இரும்புக் கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். அதற்குப் பெயர் மலையேற்றம். ‘ட்ரிப்’ என்று நம்பி முழங்கால் வலிக்காரர் பணம் கட்டினால், அடிவாரத்தோடு அவர் கதை முடிந்தது.

அரசு அலுவலகத்தில் பயணப்படி பில்லில் எங்கிருந்து எங்கே, எதில், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதாவிட்டால் திருப்பி அனுப்புவோம். நோட்டீஸிலும் வண்டி எதுவரை போகும், அதன்பின் எத்தனை மணி நேரம் ஏற வேண்டும் என்று போடட்டும். அது இல்லாத நோட்டீஸுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.