"இது சரிதானே டாக்டர்?" - சரின்னு சொல்றதுக்கு முன்னாடி கடைசியிலிருந்து படிங்க

1/ மணமேல்குடியில் ஒரு காலை நேர ஓபி. ஒன்பது மாதக் குழந்தைக்கு முந்தின நாள் ராத்திரியிலிருந்து வயிற்றுப்போக்கு. அம்மா போனை நீட்டினார். "எங்க குரூப்புல வந்துச்சு சார். சரியான்னு பாத்து சொல்லுங்க, வீட்டுக்குப் போய் இதுபடியே கலக்கிக் குடுத்துர்றேன்."

2/ வந்திருந்த வாக்கியம் இதுதான்:

"குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை ஒரு டம்ளர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, ஒவ்வொரு முறை மலம் போன பிறகும் சிறிது சிறிதாகப் புகட்டி, தாய்ப்பாலையும் தொடர்ந்து கொடுத்து, துத்தநாக மாத்திரையை வயிற்றுப்போக்கு நிற்கும் வரை கொடுக்க வேண்டும்."

3/ ஒரு தடவை படிச்சேன். "சரிதாம்மா"ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. ஓஆர்எஸ், ஆறின தண்ணி, தாய்ப்பால், ஜிங்க் எல்லாமே தெரிஞ்ச வார்த்தைகள். தெரிஞ்ச விஷயத்தைப் படிக்கும்போது கண்ணு எழுத்தைப் பாக்குறதில்லை, அடுத்து என்ன வரும்னு மனசே நிரப்பிக்கிட்டுப் போயிடுது. அதனால கடைசியிலிருந்து ஒவ்வொரு துண்டா படிச்சேன். தமிழ்ல வினைமுற்று கடைசியிலதான் நிக்குது. அதைப் பிடிச்சுக்கிட்டு "எதை? எவ்வளவு? எத்தனை நாள்?"னு கேட்டா ஒவ்வொரு துண்டும் தனியா பதில் சொல்லியாகணும்.

4/ கடைசித் துண்டு: "துத்தநாக மாத்திரையை நிற்கும் வரை கொடுக்க வேண்டும்." எத்தனை நாள்? இது தப்பு. பேதி ரெண்டு நாள்ல நின்னாலும் ஜிங்க் 14 நாள் கொடுக்கணும். ஆறு மாதத்துக்கு மேல தினம் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதம் வரை 10 மில்லிகிராம். குடல்ல இழந்ததை ஈடுகட்டவும், அடுத்த ரெண்டு மூணு மாசத்துல மறுபடி பேதி வர்றதைக் குறைக்கவும்தான் இந்த 14 நாள்.

5/ அதுக்கு முந்தின ரெண்டு துண்டு: தாய்ப்பாலைத் தொடர்வது சரி. ஒவ்வொரு தடவை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமா புகட்டுவதும் சரி. ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் 50 முதல் 100 மில்லி.

6/ அதுக்கும் முந்தினது: "பாக்கெட் ஒன்றை ஒரு டம்ளர் நீரில் கரைத்து." எவ்வளவு தண்ணி? இங்கதான் ஆபத்து. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணிக்கானது. சரியா கலந்தா லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம். அதையே 200 மில்லி டம்ளர்ல கலந்தா ஐந்து மடங்கு, 375. கடல் தண்ணியில சோடியம் சுமார் 470. ஐந்துல நாலு பங்கு கடல் தண்ணியைப் பேதி ஆகுற குழந்தைக்குப் புகட்டுற மாதிரி! ரத்தத்துல உப்பு ஏறும், குழந்தைக்குத் தாகம் கூடும், எரிச்சலா அழும், வலிப்பு வரைக்கும் போகலாம்.

7/ இந்தத் தப்பு ஏன் கண்ணுக்குத் தெரியல? 200 மில்லிக்குன்னே சின்ன பாக்கெட்டும் கடையில விக்குது. அதுக்கு "ஒரு டம்ளர்" சரி. ஒரு பாக்கெட்டுக்கான உண்மையை வேற பாக்கெட் மேல ஒட்டியிருக்காங்க. முழுப் பொய்யை நாம சந்தேகப்படுவோம். மூணு சரியான துண்டுகளுக்கு நடுவுல வர்ற தப்பு, அந்த மூணோட நம்பிக்கையையும் சேத்து வாங்கிக்குது.

8/ இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு வார்த்தையா பின்னாலிருந்து படிச்சா எழுத்துப்பிழை, எண், அலகு (மில்லிகிராமா மைக்ரோகிராமா) சிக்கும், அர்த்தப் பிழை சிக்காது. அதுக்குத் துண்டு துண்டாத்தான் படிக்கணும். ஆனா எப்படிப் படிச்சாலும், வாக்கியத்துல எழுதாம விட்டது தெரியாது. மேல உள்ளதுல "எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்"ங்கறதே இல்லை. குழந்தை குடிக்க மறுத்தா, கண்ணு குழி விழுந்தா, துவண்டு கிடந்தா, மலத்துல ரத்தம் வந்தா உடனே வரணும். அதனால கடைசியா "என்ன விட்டுப்போச்சு?"ன்னு தனியா கேக்கணும்.

9/ அந்த அம்மாகிட்ட "நீங்க வாங்கினது எந்தப் பாக்கெட்மா?"ன்னு கேட்டேன். பையிலிருந்து எடுத்தார். பெரியது. பாக்கெட் மேலயே "ஒரு லிட்டர்"னு அச்சாகியிருந்தது. தண்ணி பாட்டிலைக் காட்டி அளவைப் புரியவெச்சேன். கலந்தது 24 மணி நேரத்துக்கு மேல மிஞ்சினா கொட்டிடணும்னும் சொன்னேன்.

10/ என் கருத்து இதுதான். டாக்டர் சொல்ற "சரி"யும் ஒரு மருந்துச் சீட்டுதான். ஐந்து துண்டு இருந்தா ஐந்து தடவை "சரி" வரணும். நாலுதான் வந்துச்சுன்னா அந்த வாக்கியம் தப்பு, 80 சதவீதம் சரின்னு ஒண்ணு கிடையாது. சக மருத்துவர்களே, வாசலில் நின்னுக்கிட்டே நீட்டுற போனைப் பாத்து தலையாட்டாதீங்க. பெற்றோர்களே, ஃபார்வர்டையும் பாக்கெட்டையும் சேர்த்தே கொண்டு வாங்க.