கத்தியில கோடு இருந்தா பலம் வந்துடுமா?

சமீபத்துல கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு ஒரு ட்ரிப் போனோம். கூட வந்த நண்பன் (அவனும் நம்மள மாதிரி பொட்டி தட்டுறவன்தான்) இணையத்துல வாங்கின 'டமாஸ்கஸ்' கத்தியை எடுத்துக் காட்டினான். உடம்பு பூரா தண்ணி அலை மாதிரி கோடு. "256 அடுக்கு மச்சி, சாதா கத்தியை விட பல மடங்கு ஸ்ட்ராங்" என்றான். அழகு, ஒத்துக்கறேன். ஆனா அந்த 'பல மடங்கு'தான் எனக்கு இடிக்குது.

முதல்ல இதை எப்படிச் செய்யறாங்கன்னு பார்ப்போம். இப்ப பட்டறைகள்ல அதிகம் புழங்குற ஜோடி 1084, 15N20. ரெண்டுலயும் கார்பன் கிட்டத்தட்ட ஒண்ணுதான், முக்கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் முன்னபின்ன. ரெண்டாவதுல மட்டும் சுமார் 2% நிக்கல் கூடுதல். மாத்தி மாத்தி 8 தகடு அடுக்கி, வெண்காரம் தூவி, வெளிர் மஞ்சளா ஜொலிக்கிற வரைக்கும் காய்ச்சி அடிச்சா எல்லாம் ஒட்டி ஒரே கட்டி ஆயிடும். அதை நீட்டி, ரெண்டா வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு மறுபடி ஒட்டணும். இப்படி அஞ்சு தடவை செஞ்சா 8 தகடு 256 ஆயிடும். நம்மாளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா 8-ஐ 2-இன் அஞ்சாவது அடுக்கால பெருக்கறோம், அவ்ளோதான் :-) கடைசியா ஃபெர்ரிக் குளோரைடு கரைசல்ல முக்கினா 1084 கருக்கும், நிக்கல் உள்ளது பளிச்னு நிக்கும். நாம பார்க்கிற கோடு அதுதான்.

"கடினமான எஃகும் மெதுவான இரும்பும் மாறி மாறி இருக்கறதால ரெண்டோட குணமும் கிடைக்கும்"னு விக்கிறவங்க சொல்வாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கார்பன் அணு பொடிசு, சூட்டுல சும்மா இருக்காது. 1100 டிகிரி செல்சியஸ்ல ஒரு நிமிஷத்துக்குள்ள சுமார் 50 மைக்ரான் தூரம் நகர்ந்துடும். 4 மில்லிமீட்டர் கனமுள்ள கத்தியில 256 அடுக்குன்னா ஒரு அடுக்கு வெறும் 16 மைக்ரான். அப்புறம் எங்க இருக்கு கடினமும் மென்மையும்? 0.95% கார்பன் எஃகையும் 0.15% இரும்பையும் பாதிக்குப் பாதி போட்டு அடிச்சாலும், முடிவுல கத்தி முழுக்க சுமார் 0.55%தான் கிடைக்கும். அதாவது நல்ல எஃகைத் தண்ணி ஊத்திக் கலந்த கதை. நிக்கல் மட்டும் அந்தச் சூட்டுலயும் ஏறக்குறைய இருந்த இடத்துலயே இருக்கும். அதனாலதான் கோடு அழியறதில்லை. கோடு தெரியுதேங்கிறதுக்காக பலத்துலயும் வித்தியாசம் அடுக்கடுக்கா இருக்குன்னு நினைக்க முடியாது.

உபத்திரவமும் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு ஒட்டும் தப்பு நடக்க ஒரு வாய்ப்பு. செதிலோ வெண்காரக் கசடோ நடுவுல மாட்டிக்கிட்டா அந்த இடம் ஒட்டவே ஒட்டாது. தேய்ச்சுப் பார்க்கும்போது முடி மாதிரி ஒரு கறுப்புக் கீறல் தெரியும், எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. விளிம்புல அது வந்தா வேலை செய்யும்போது ஏடு பிரியும். ஒரே எஃகுல அடிச்ச கத்திக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

அப்ப பழைய ஆளுங்க முட்டாளான்னு கேட்காதீங்க. அவங்களுக்குக் கிடைச்சது கசடு கலந்த, இடத்துக்கு இடம் குணம் மாறுற இரும்பு. மடிச்சு அடிச்சா கசடு வெளியேறும், மிச்சம் சீராகும். அன்னிக்கு அது நிஜமான லாபம். இன்னிக்கு ஆலையில இருந்து வர்ற எஃகு ஏற்கனவே சீராத்தான் இருக்கு.

அடுக்கு உண்மையிலயே உதவுற இடம் ஒண்ணு உண்டு. நம்மூர் கொல்லர்கள் அந்தக் காலத்துல கோடாலிக்கும் கொடுவாளுக்கும் வாய்ப்பக்கம் மட்டும் எஃகு வெச்சு, உடம்பை மெதுவான இரும்புல விட்டாங்க. எஃகு விலை ஜாஸ்தி, அதோட உடம்பு அடி தாங்கணும். ரெண்டே மூணு அடுக்குதான், ஆனா ஒவ்வொண்ணும் மில்லிமீட்டர் கணக்குல கனம். அதனால கார்பன் முழுக்கக் கலக்க நேரம் பத்தாது. எத்தனை அடுக்குங்கிறது இல்ல, எது எங்க இருக்குங்கிறதுதான் இங்க கணக்கு. இப்ப லாரி பட்டைச் சுருள்ல அடிக்கிற கொடுவாள்ல அந்த வேலையும் இல்ல. பட்டை முழுக்க நல்ல எஃகு, சரியாக் காய்ச்சிக் குளிர வெச்சா போதும்.

எனக்கு ரொம்ப எரிச்சல் என்னன்னா, 'டமாஸ்கஸ்'ங்கிற பேருக்குப் பின்னாடி இருக்கிறது நம்ம பக்கத்துச் சரக்கு. கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்துல மேல்சிறுவளூர்னு ஒரு ஊர். அங்க மூசையில உருக்கு செஞ்ச தடயங்களைப் பத்தி சாரதா ஸ்ரீநிவாசன் 1994-ல எழுதினாங்க. வெள்ளைக்காரன் 'வூட்ஸ்'னு சொன்ன ரகம் அது. அதுல அடுக்கும் கிடையாது, மடிப்பும் கிடையாது. சுமார் 1.5% கார்பன் உள்ள ஒரே கட்டி. மெல்ல உறையும்போது துளியூண்டு வனேடியம் மாதிரியான கலப்பு வரிசை கட்டும், அடிக்கும்போது அந்த வரிசையில கார்பைடு சேர்ந்து கோடாத் தெரியும். ரொம்பச் சூடேத்தினா கோடு போயிடும். நண்பனோட கத்திக்கும் இதுக்கும் பேர் மட்டும்தான் சொந்தம்.

ஆசைக்கு வாங்கறவங்க தாராளமா வாங்குங்க. அடுக்கு எத்தனைன்னு கேட்காம எந்த எஃகு, காய்ச்சிக் கடினப்படுத்தினது எப்படின்னு கேளுங்க. கோடு ஒரிஜினலான்னு சந்தேகமா? மறைவான ஒரு ஓரத்துல மெல்லிசு எமரித் தாள் போட்டுத் தேய்ச்சு, மறுபடி ஃபெர்ரிக் குளோரைடு தடவுங்க. அடுக்கா இருந்தா கோடு திரும்ப வரும். மேலாக்க லேசர்ல போட்டதுன்னா போனது போனதுதான்.