ஒரே பத்திரம், நான்கு கணக்கு

நம் அங்கத்தினர்களுள் சிலர் இந்நாளில் சொந்தமாக ஜவுளிக் கடையோ விதை உரக் கடையோ திறந்து வருகின்றனர். அவர்களிடம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு முதலில் கொண்டுவருவது ‘கடைக்காரர் பாலிசி’ எனப்படும் தொகுப்புப் பத்திரமாகும். தீ, திருட்டு, இரும்புப் பெட்டியிலுள்ள ரொக்கம், பிறருக்கு நேரும் தீங்கிற்கான பொறுப்பு ஆகிய நான்கும் அதில் அடங்கும். பத்திரம் ஒன்றாயினும் கணக்கு நான்கு என்பதை அறிதல் வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தொகையும் தனி நிபந்தனையும் உண்டு. ஒன்றில் மிஞ்சிய தொகை மற்றொன்றின் குறையை ஈடு செய்யாது.

இவற்றுள் புதிய கடைக்காரர் பெரும்பாலும் ஏமாறுமிடம் சரக்கின் தொகையாகும். பிரீமியத்தைக் குறைக்க எண்ணிச் சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதிவிடுகிறார். ஒரு கடையில் கொள்முதல் விலைப்படி 8,00,000 ரூபாய்ச் சரக்கு இருப்பதாகவும், 5,00,000 ரூபாய்க்கே காப்பீடு செய்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். தீயில் 2,40,000 ரூபாய்ச் சரக்கு அழிகிறது. நஷ்டம் 5 லட்சத்திற்கு உட்பட்டதுதானே, முழுவதும் கிடைக்கும் என்று அவர் எண்ணுவார். கம்பெனியோ, எட்டில் ஐந்து பங்கிற்கே நாங்கள் பொறுப்பு, எஞ்சிய மூன்று பங்கிற்கு நீரே இன்ஷூரன்ஸ்காரர் என்று கணக்கிட்டு, 1,50,000 ரூபாயே கொடுக்கும். 90,000 ரூபாய் கைநஷ்டம். இதனைச் சராசரி விதி என்பர்.

ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத சொத்துடைய சிறு நிறுவனங்களுக்கென 2021 ஏப்ரல் முதல் வழங்கப்படும் ‘பாரத் சூட்சும உத்யம் சுரட்சா’ என்னும் தீக்காப்பீட்டில், குறைவு நூற்றுக்கு 15-க்கு மேற்படாதாயின் இவ்விதியைப் பிரயோகிப்பதில்லை. மேற்கண்ட கடைக்காரர் 6,80,000 ரூபாய்க்கேனும் எழுதியிருந்தால் தப்பியிருப்பார். திருட்டுப் பிரிவிலும் இதே சலுகை உண்டென்று தாமாகக் கருதிவிடலாகாது. அப்பிரிவின் வாசகத்தைத் தனியே படித்தறிய வேண்டும். மேலும், சரக்கை விற்பனை விலையில் எழுதுவதால் பயனில்லை. இலாபத்தைக் கம்பெனி கொடுக்காது. கொள்முதல் விலையில் எழுதுக. ஆனால் ஆடி மாதத்து இருப்பைக் கொண்டன்று, தீபாவளிக்கு முன் அலமாரி நிறைந்திருக்கும் நாளைய இருப்பைக் கொண்டு எழுதுக.

திருட்டு என்ற சொல்லுக்கும் பத்திரத்தில் குறுகிய பொருளே உண்டு. பூட்டை உடைத்தோ கன்னம் வைத்தோ வலிந்து நுழைந்த அடையாளம் வேண்டும். வாடிக்கையாளர்போல் வந்து சேலையை மறைத்துச் செல்வதும், கடைச் சிப்பந்தி கையாடுவதும் இதில் அடங்கா. ரொக்கத்தின் நிபந்தனை இதனினும் கடுமையானது. கடை மூடிய பின் பணம் பூட்டிய இரும்புப் பெட்டியில் இருத்தல் வேண்டும். கல்லாவில் விட்டுச் சென்ற பணத்திற்கு ஈடில்லை. கல்லாவடியில் வைத்துச் சென்ற சாவியால் திருடன் பெட்டியைத் திறந்தாலும் ஈடு கிடையாது. சாவியைப் பலாத்காரத்தால் பறித்திருந்தாலே உண்டு. பெட்டியில் எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும் ரொக்கப் புத்தகத்தைப் பெட்டிக்கு வெளியே, வேறிடத்தில் வைப்பது அவசியம்.

நான்காம் பிரிவு, பரணிலிருந்து ஜவுளிக் கட்டு விழுந்து வாடிக்கையாளர் காயமுறுவது போன்றவற்றிற்கு உரியது. சட்டப்படி நாம் பொறுப்பாளி என்று ஏற்பட்டாலே, குறித்த வரம்புக்குள் கம்பெனி கொடுக்கும். கடைச் சிப்பந்தி காயமுற்றால் இப்பிரிவு உதவாது. அதற்குத் தனிக் காப்பீடு தேவை.

நம் சங்கங்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் ஒன்றுண்டு. விற்றபின் பணம் செலுத்துமாறு சங்கம் ஒப்படைக்கும் சேலைகள் கடைக்காரருடைய சொத்தல்ல. ‘பொறுப்பிலும் கமிஷனிலும் வைத்துள்ள சரக்கு’ என்று பத்திரத்தில் தெளிவாகச் சேர்க்காவிடில், அவை எரிந்தால் ஈடு கிடைப்பது அரிது. நெசவாளியின் உழைப்பு அங்கே வீணாகும். ஆகவே சரக்கு ஒப்படைக்கும்போதே, காப்பீடு யார் செய்வது என்பதை எழுத்தில் குறிக்கும் விதியைச் சங்கங்கள் ஏற்படுத்த வேண்டுமென்பது என் கருத்து.

பிரீமியத்தில் சிக்கனம் வேண்டுவோர் சரக்கின் தொகையில் கை வைக்கலாகாது. அன்றாட வசூலை அன்றாடம் கூட்டுறவு வங்கியில் செலுத்தினால், ரொக்கப் பிரிவின் தொகையைத் தாராளமாகக் குறைத்துக்கொள்ளலாம். பெட்டியில் இல்லாத பணத்தைக் காக்கப் பிரீமியம் எதற்கு?