மீட்டர் பொய் சொல்லுமா?

மார்கழி மாதத்தில் குன்னூருக்குப் போய் அக்கா வீட்டில் நாலு நாள் தங்குவது என்பது கேட்க இனிமையான விஷயம். போய் இறங்கிய பிறகுதான் அதன் அருமை தெரியும். 2023 டிசம்பரில் நான் போனபோது, காலை ஏழு மணிக்குக் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, அதை வாயில் வைக்கவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். குடித்துவிட்டால் கை ஆறிப் போகுமே!

அக்கா வீட்டில் மின்சாரக் கணப்பு ஒன்று உண்டு. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு கண்ணாடிக் குழல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் உள்ளும் சுருள் கம்பி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்விட்சு. ஒரு குழல் 400 வாட், இரண்டும் சேர்ந்தால் 800 வாட். அன்றைக்கு இரண்டு ஸ்விட்சையும் அழுத்தினால் கீழ்க் குழல் மட்டும் சிவந்தது. மேல் குழல் அசையாமல் கிடந்தது.

எலக்ட்ரீஷியன் பையனுக்குச் சொல்லி அனுப்பினோம். கெட்டிக்காரப் பையன்தான். பிளக்கைப் பிடுங்கினான், பின்மூடியைக் கழற்றினான், பையிலிருந்து மல்ட்டிமீட்டரை எடுத்து ஓம் அளக்கும் இடத்தில் திருகி வைத்தான். மேல் குழலின் இரு நுனிகளிலும் மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் வைத்தான். 128 ஓம் என்று காட்டியது. கீழ்க் குழலில் வைத்தான். அதுவும் 128.

"அக்கா, ரெண்டு குழலும் நல்லாத்தான் இருக்கு. ஒரே அளவு காட்டுது பாருங்க. ஸ்விட்சுதான் போயிடுச்சு" என்றான்.

மீட்டரே சொன்ன பிறகு நாம் என்ன சொல்வது? புது ஸ்விட்சு வந்தது. ஸ்விட்சுக்கும் கூலிக்குமாக 300 ரூபாய் போயிற்று. பிளக்கைச் செருகிப் போட்டால், பழையபடி கீழ்க் குழல் மட்டுமே சிவந்தது!

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். வெகு காலம் ரேடியோ ரிப்பேர் செய்தவர். வேடிக்கை பார்க்க வந்தவர், "தம்பி, பிளக்கைப் பிடுங்கிட்டு, மேல் குழல்ல ஒரு நுனியில இருக்கிற ஒயரைக் கழட்டு. கழட்டிட்டு அளந்து பாரு" என்றார். பையன் அப்படியே செய்தான். இந்தத் தடவை மீட்டரில் எண்ணே வரவில்லை. `OL` என்று காட்டியது. வழியே இல்லை என்று அர்த்தம். மேல் குழலின் சுருள் உள்ளே எங்கோ அறுந்து கிடந்தது.

சற்று முன் 128 ஓம் என்று சொன்ன அதே மீட்டர், அதே குழல். எது பொய்?

இரண்டுமே பொய் இல்லை, வாசகர்களே. மீட்டரிடம் நாம் கேட்ட கேள்விதான் தவறு.

ஓம் அளக்கும்போது மீட்டர் செய்கிற வேலை சின்னதுதான். தன் பாட்டரியிலிருந்து துளி மின்சாரத்தை ஒரு முனை வழியாக அனுப்பி, மற்ற முனைக்கு அது எவ்வளவு சிரமப்பட்டு வந்து சேருகிறது என்று பார்க்கிறது. அவ்வளவே. அந்த மின்சாரம் எந்த வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாது. உங்கள் வீட்டு வாசலில் ஒருவரும் கொல்லையில் ஒருவரும் நின்றுகொண்டு, வாசலில் விட்ட குழந்தை கொல்லைக்கு வந்து சேர்ந்ததா என்று மட்டும் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை வந்து சேர்ந்தது. உடனே, "கூடம் வழியாகப் போக வர முடிகிறது" என்று சொல்லிவிடலாமா? கூடத்துக் கதவு பூட்டியிருந்து, குழந்தை பக்கத்துச் சந்து வழியாக ஓடி வந்திருந்தால்?

அக்காவின் கணப்பில் நடந்தது இதுதான். இரண்டு குழல்களுக்கும் ஒரு நுனி, ஒரே ஒயரில் சேர்ந்திருக்கிறது. மற்ற நுனிகள் இரண்டும் தத்தம் ஸ்விட்சுக்குப் போகின்றன. அந்த ஸ்விட்சுகளின் மறுபக்கம் மீண்டும் ஒன்றாகச் சேர்கிறது. காலையில் அக்கா அழுத்திய இரண்டு ஸ்விட்சும் அழுத்தியபடியே இருந்தன. ஆகவே மேல் குழலின் நுனியில் வைத்த மின்சாரம், அறுந்த சுருளுக்குள் போக முடியாமல், மேல் ஸ்விட்சு வழியாகப் போய், கீழ் ஸ்விட்சில் நுழைந்து, கீழ்க் குழலைச் சுற்றிக்கொண்டு மற்ற முனைக்கு வந்துவிட்டது. பையன் இரண்டு தடவையும் அளந்தது கீழ்க் குழலைத்தான்!

இதில் இன்னொரு வேடிக்கையையும் கவனித்தீர்களா? மின்சாரம் மேல் ஸ்விட்சைத் தாண்டித்தான் சுற்றி வந்தது. அந்த ஸ்விட்சு கெட்டிருந்தால் 128 வந்தே இராது. ஸ்விட்சு நல்லது என்பதற்குச் சாட்சி சொன்ன எண்ணையே வைத்துக்கொண்டு, ஸ்விட்சுக்குத் தண்டனை கொடுத்துவிட்டோம்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு குழலும் ரெண்டு ஸ்விட்சும் நல்லா இருந்தா 128 வராதும்மா. 64 வரணும்." கணக்கு எளிது. ஒரே அளவான இரண்டு வழிகள் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தால் தடை பாதியாகும். 230 வோல்ட்டில் 400 வாட் எரியும் குழலுக்குத் தடை சுமார் 132 ஓம். ஆறியிருக்கும்போது சற்றுக் குறைவு. ஆகவே இரண்டையும் சேர்த்து வைத்து அளந்தால் 64 அல்லது 65. முழு 128 வந்த உடனேயே, ஒரு வழி அடைபட்டிருக்கிறது என்று சந்தேகித்திருக்க வேண்டும்.

இதிலிருந்து கெட்டியான விதி ஒன்று கிடைக்கிறது. பக்கத்து வழி ஒன்று இருந்தால் தடை குறையுமே தவிர, ஒருநாளும் கூடாது. சந்து இருப்பதால் கொல்லைக்குப் போவது கடினமாகிவிடுமா என்ன?

இந்த விதி ரேடியோ, டி.வி. போன்றவற்றில் மிகவும் உதவும். உள்ளே பச்சைத் தகட்டில் வரிசையாக நிற்கும் சின்னஞ்சிறு மின்தடைகளில் ஒன்றைப் பாருங்கள். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று வளையங்கள் இருந்தால் அது 10 கிலோ ஓம். தங்க வளையம் கூட இருந்தால் நூற்றுக்கு ஐந்து முன்பின்னாக இருக்கலாம். தகட்டில் இருக்கும்போதே அளந்தால் 3.2 கிலோ ஓம் காட்டுகிறது. கெட்டுவிட்டதா? சொல்ல முடியாது. தகட்டின் வேறொரு மூலையில் இருக்கும் 4.7 கிலோ ஓம் தடை ஒன்று இதன் இரு கால்களோடும் சேர்ந்திருந்தால், சரியாக 3.2தான் வர வேண்டும். ஒரு காலை மட்டும் பற்றுவைப்பிலிருந்து எடுத்துத் தூக்கிவிட்டு அளந்தால் உண்மை தெரியும். இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் விடுபட்டாலே சந்து அடைபட்டுவிடும்.

அதே தடை தகட்டில் இருக்கும்போதே 15 கிலோ ஓம் என்று நின்றால்? பக்கத்து வழி கூட்டிக் காட்டாது என்று பார்த்தோம். அது கெட்டே போயிற்று. தயங்காமல் மாற்றலாம். குறைவாகக் காட்டினால் சந்தேகம், கூடுதலாகக் காட்டினால் தீர்ப்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ரிப்பேர்க்காரர் சொல்வதைப் பாதி எடை போட்டுவிடலாம்.

ஆனால் இந்தத் தீர்ப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. தகட்டில் மீட்டரின் மின்சாரத்தைத் தவிர வேறு மின்சாரம் இருக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், கபாசிடர் என்னும் மின்தேக்கி கொஞ்ச நேரம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அதுவும் சேர்ந்துகொண்டால் மீட்டர் கண்டபடி உளறும். எண் மெதுவாக ஏறிக்கொண்டே போனால், பக்கத்தில் எங்கோ மின்தேக்கி நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். சிவப்பையும் கறுப்பையும் மாற்றி வைத்தால் வேறு எண் வருகிறதா? அப்படியானால் ஒரு திசையில் மட்டும் வழிவிடும் டயோடோ டிரான்சிஸ்டரோ குறுக்கே இருக்கலாம். அப்போது ஒரு காலைத் தூக்காமல் எதையும் நம்புவதற்கில்லை.

இந்த மின்தேக்கி விஷயம் மீட்டரோடு போவதில்லை. வீட்டு மின்சாரத்தை நேராக வாங்கிக்கொள்ளும் சாதனங்களில் அது 320 வோல்ட் வரை வைத்துக்கொண்டிருக்கக்கூடும். விவரம் தெரிந்தவர் முதலில் மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, அது இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே ஓமுக்குத் திருப்புவார். ஆகையால் மூடியைக் கழற்றும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். பக்கத்தில் நின்று, "ஒரு பக்கம் கழற்றிவிட்டு அளந்தீர்களா?" என்று கேட்டால் போதும்.

கடைசியாக, பெரியவர் செய்து காட்டிய வித்தை ஒன்று. கழற்றி எடுத்த 1 மெகா ஓம் தடை ஒன்றை மேஜை மேல் வைத்து அளந்தார். சரியாக இருந்தது. பிறகு அதன் இரண்டு கால்களையும் மீட்டரின் இரண்டு முனைகளோடு சேர்த்து, இரு கை விரல்களாலும் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். எண் மளமளவென்று இறங்கிற்று. என் உடம்பே பக்கத்துச் சந்தாகிவிட்டது! கை ஈரமாக இருந்தால் இன்னும் இறங்குமாம்.

மறுநாள் புதுக் குழல் வந்தது. பையன் இரண்டு ஸ்விட்சையும் அழுத்தி, பிளக்கைச் செருகுமுன் ஒரு தடவை அளந்தான். 64. அவனே சிரித்துவிட்டான். அன்று மாலை இரண்டு குழலும் சிவந்து எரிந்தன. நானும் காப்பியைச் சூடு ஆறுமுன் குடித்தேன்.

கழற்றிப் போட்ட பழைய ஸ்விட்சை அக்கா தூக்கி எறியவில்லை. நல்ல ஸ்விட்சு அல்லவா? டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.