வராத கேள்விக்கு என்ன பதில்?

வாட்சப்பில் பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தரும் நண்பர்கள் எல்லோருக்கும் இது பழக்கம்தான். "அண்ணா, a வந்துருச்சு, d எப்படி வரும்?"னு செய்தி மட்டும் வரும். கேள்வியோட போட்டோ வராது. நாம "போட்டோ வரலம்மா, திரும்ப அனுப்பு"ன்னு போடுவோம். அதைப் பார்க்கும்போது ராத்திரி பத்தரை, போன் அப்பா கைக்குப் போயிருக்கும். மறுநாள் அந்தச் சந்தேகமே செத்துப் போயிருக்கும். அதனால ஊகிச்சுப் பார்க்கறது நம்ம வேலைதான்னு நான் சொல்வேன்.

மேல சொன்ன செய்தியையே எடுத்துக்குவோம். பொண்ணு பத்தாம் வகுப்பு. முந்தின வாரம் பெருக்குத் தொடர்வரிசையில் ஒரு சந்தேகம் கேட்டிருக்கா. சிபிஎஸ்இ பத்தாவதில் அது கிடையாது, அதனால நம்ம மாநிலப் பாடத்திட்டம். அதே பாடத்தில் d-ன்னா கூட்டுத் தொடர்வரிசையின் பொது வித்தியாசம். பாடம் கிடைச்சாச்சு.

எவ்வளவு கஷ்டமான கணக்கு? இங்கதான் அவ தமிழைக் கவனிக்கணும். வரிசையே கொடுத்திருந்தா இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிச்சா d. அதை யாரும் கேட்க மாட்டாங்க. 3-வது உறுப்பு 10, 7-வது உறுப்பு 26 என்ற மாதிரி கணக்கா? அதில் கழிச்சதும் 4d = 16, முதலில் வர்றது d, அப்புறம்தான் a. இவளுக்கோ a முதலில். அதுவும் "கொடுத்திருக்கு"ன்னு எழுதல, "வந்துருச்சு"ன்னு எழுதியிருக்கா. அப்போ a-வை அவளே கண்டுபிடிச்சிருக்கா.

a முதலில் வர்ற கணக்கு பெரும்பாலும் ஒண்ணுதான். அடுத்தடுத்த மூணு உறுப்புகளோட கூடுதல் 15, பெருக்கற்பலன் 80 என்பது மாதிரி. உறுப்புகளை a − d, a, a + d-ன்னு வெச்சா கூட்டும்போது d அடிபட்டு 3a = 15, a = 5. அதுக்கப்புறம் 5(25 − d²) = 80, d² = 9, d = ±3. பசங்க சிக்கறது இந்த இரண்டாவது படியில்தான்.

இவ்வளவு துப்பறிஞ்சாலும் முழு விடையை அனுப்பக்கூடாது :-) வேற கணக்கா இருந்தா நம்ம பசங்க மரியாதைக்கு "சரிங்கண்ணா"ன்னு போட்டுட்டுப் போயிடுவாங்க, நமக்குத் தெரியவே தெரியாது. நான் போடறது இவ்வளவுதான்: "போட்டோ வரல. மூணு உறுப்போட கூடுதலும் பெருக்கற்பலனும் கொடுத்த கணக்காம்மா? ஆமான்னா பெருக்கற்பலனில் a-வைப் போட்டுப் பாரு." இல்லைன்னா அவளே "இல்லண்ணா, இது வேற"ன்னு கேள்வியை டைப் பண்ணிடுவா.

ரெண்டு இடத்தில் இந்த ஊகம் கால வாரும். திருப்புதல் தேர்வு நேரத்தில் காலையில் முக்கோணவியல், சாயங்காலம் அளவியல்னு தாவுவாங்க, பழைய செய்தி உதவாது. இன்னொண்ணு, ஒரே போனை அக்காவும் தம்பியும் பயன்படுத்தற வீடு. திடீர்னு "அண்ணா" போய் "சார்"னு வந்தா, முதலில் எத்தனாவது படிக்கறேன்னு கேட்டுடுங்க.