மெமோ வந்தால் பதிலோடு நகலையும் கேளுங்கள்

அரசு வேலையோ தனியார் வேலையோ, 'உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' என்று கேட்டு ஒரு காகிதம் வந்தால் வீட்டில் சோறு இறங்காது. நம்மூரில் அதற்குப் பெயர் மெமோ. பயத்தில் சிலர் செய்யாத தவறுக்கு மன்னிப்பு கேட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் பதிலே போடுவதில்லை. இரண்டுமே ஆபத்து. மன்னிப்புக் கடிதம் ஒப்புதலாகிவிடும். பதில் போடாவிட்டால், 'விளக்கம் எதுவும் வரவில்லை' என்று எழுதிவிட்டு நிர்வாகம் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ். காலை நேரக் கூட்டம். வில்லுக்குறியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுகிறார். இரண்டு பேரிடம் டிக்கெட் இல்லை. 'பணம் வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கவில்லை' என்று நடத்துநருக்கு மெமோ வருகிறது. ஏழு நாளில் பதில் தர வேண்டும். அந்த இருவரும் சற்று முன்பு சுங்கான்கடையில் ஏறியவர்கள், நெரிசலில் அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை என்பது நடத்துநரின் தரப்பு.

'நான் நேர்மையானவன், 18 வருட சர்வீஸில் கறை இல்லை' என்று இரண்டு பக்கம் எழுதுவதுதான் வழக்கம். அதனால் பயன் குறைவு. அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"குறிப்பாணை 12-ம் தேதி கிடைத்தது. குற்றச்சாட்டை முழுமையாக மறுக்கிறேன். அந்த இரண்டு பயணிகளிடமும் நான் பணம் வாங்கவில்லை. அவர்கள் சுங்கான்கடையில் ஏறினார்கள்; நான் முன்பக்கத்திலிருந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்தேன். முழு விளக்கம் அளிக்க, சோதனை அறிக்கை, பயணிகளிடம் வாக்குமூலம் பெற்றிருந்தால் அது, அந்த நடைக்கான டிக்கெட் மெஷின் பதிவு, பையிலிருந்த பணத்தை எண்ணிய விவரம் ஆகியவற்றின் நகல்கள் தேவை. அவை கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம் கோருகிறேன்."

இந்த நான்கையும் ஏன் கேட்க வேண்டும்? டிக்கெட் மெஷினில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நேரம் பதிவாகும். சோதனைக்கு ஒரு நிமிடம் முன்புவரை டிக்கெட் அடித்திருந்தால், அவர் வேலையில் இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. பணத்தைப் பதுக்கியிருந்தால் பையில் கணக்கைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சரியாக இருந்தால் அதுவும் அவர் பக்கம் பேசும்.

'பயணியை விசாரிக்கவே இல்லையே' என்ற வாதத்தை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. ஹரியானா நடத்துநர் ரத்தன் சிங் வழக்கில் 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: துறை விசாரணையில் பயணியின் வாக்குமூலம் கட்டாயமில்லை, சோதனை அதிகாரியின் சாட்சியம் போதும். அப்படியென்றால் அந்த அதிகாரி எழுதிய அறிக்கையைப் பார்க்காமல் நடத்துநர் எப்படி மறுக்க முடியும்?

இந்தக் கேள்விக்கு பதில் 1986-ல் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் காவல்துறை கண்காணிப்பாளராக இருந்த காசிநாத் தீட்சிதா வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்கு எதிராக 38 சாட்சிகள், 112 ஆவணங்கள். நகல் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 'வந்து பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொள்ளலாம், ஸ்டெனோகிராபரை அழைத்துவரக் கூடாது' என்றார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரு மனிதர் எப்படிக் கையால் எழுதுவார்? நகல் இல்லாமல் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி? நியாயமான வாய்ப்பு தரப்படவில்லை என்று கூறி, நீக்க உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அதற்காக ஆபீஸ் பீரோவையே கேட்கக் கூடாது. குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக எதை வைத்திருக்கிறார்களோ, நம் எதிர்வாதத்துக்கு எது நேரடியாகத் தேவையோ அதைத்தான் கேட்கலாம். 'சம்பந்தப்பட்ட எல்லா ஆவணங்களும்' என்று எழுதினால், காலம் கடத்தும் தந்திரம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்கத்தில் 'இது எதற்கு' என்று ஒரு வரி சேர்த்தால் மறுப்பது கடினம். நகல் தராததால் நமக்கு என்ன பாதிப்பு என்பதையே நீதிமன்றம் முதலில் பார்க்கும். பின்னால் அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

இன்னொன்று. மெமோ என்றாலே '17 பி' என்பார்கள். அது தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு விதியின் பிரிவு. கடும் தண்டனை வரக்கூடிய குற்றச்சாட்டுக்கு. தோட்டத்திலோ மில்லிலோ வேலை பார்ப்பவர்களுக்கு நிலையாணைகள் என்று தனி விதிகள் உண்டு. எந்த விதியின் கீழ் மெமோ வந்திருக்கிறது என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே பார்த்துவிட வேண்டும்.

அவகாசம் கேட்டதாலேயே கெடு நீண்டுவிடாது. நகல் வராவிட்டாலும், கொடுத்த நாளுக்குள் மறுப்புக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நேரில் கொடுத்தால், இரண்டாவது பிரதியில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்க வேண்டும். வாங்க மறுத்தால், அன்றே தபாலில் ஒப்புகையோடு அனுப்பிவிடலாம். 'நகல் தர இயலாது' என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். விசாரணை அதிகாரி முன் முதல் நாளே அதைக் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்ல வேண்டும்.